பீலிக்கு அடிக்கணக்கு மட்டும் பார்க்கும் நம்ம ஊர் வழக்கம்

கொஞ்சம் நீளமான பதிவு. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும், கூரைத் தகடு மாற்ற யோசிப்பவர்களும் பொறுமையாக வாசிக்கவும். மற்றவர்கள் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், ஒக்டோபர் மழைக்குத் தேவைப்படும்.

மடவளையில் பீலி வாங்கப் போனால் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை அடி?" கடைக்காரரும் அதைத்தான் கேட்கிறார், பாஸும் அதைத்தான் கேட்கிறார், காசு கொடுக்கும் நாமும் அதைத்தான் சொல்கிறோம். கூரை எவ்வளவு பெரியது என்று யாரும் கேட்பதில்லை. இங்கே எவ்வளவு வேகமாக மழை பெய்யும் என்று யாரும் கேட்பதில்லை. பைப் எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்பதை வீட்டின் அழகு தீர்மானிக்கிறது. பிறகு மழை வந்து பீலி நிறைந்து வழிந்தால், "இந்த முறை மழை கூட" என்று மழையின் தலையில் பழியைப் போடுகிறோம்.

மழையின் மீது பிழையில்லை. கணக்குப் போடாதது நம்முடைய பிழை. இதை யாருக்கும் புத்தி சொல்வதற்காக எழுதவில்லை. என் வீட்டில் நானே இரண்டு தடவை காசைக் கரைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டின் முன்பக்கக் கூரை விளிம்பு 40 அடி, அதாவது 12 மீட்டர். 5 அங்குல அரைவட்ட பீலி போட்டிருந்தோம். முன்னால் பைப் தெரிந்தால் அசிங்கம் என்று உம்மா சொன்னதால், இடது மூலையில் ஒரேயொரு 2 அங்குல பைப், வீட்டின் பக்கவாட்டில் யாருக்கும் தெரியாமல் இறங்கியது. கொஞ்சம் பலமாக மழை பெய்தால் வலது மூலையில் பீலி வழியும். அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ராத்தாவின் சமையலறை. அவர் முதல் வருடம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் வருடம், "தம்பி, ஒங்கட கூரத் தண்ணி எங்கட குசினிச் செவுத்துல ஊறுது" என்றார். சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

பாஸைக் கூப்பிட்டேன். "பைப் சின்னது சேர், நாலு இஞ்சி போடுவோம்" என்றார். போட்டோம். அடுத்த மழைக்கு அதே வலது மூலையில் அதே மாதிரி வழிந்தது. நாலு அங்குல பைப்புக்குள் தண்ணீர் ஒரு ஓரமாக மெல்லிசாக இறங்கிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்தக் கணக்கில் தரம் 8 பிள்ளைக்குத் தெரியாத எதுவும் இல்லை.

முதலாவது: மழை

1 சதுர மீட்டர் இடத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால், அது 1 லீட்டர் தண்ணீர். இந்த ஒரு வரி போதும்.

நாம் செய்தியில் கேட்கும் மழை 24 மணித்தியால மழை. மண்சரிவுக்கு அந்தக் கணக்குத்தான் வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழிப்பாக இருங்கள், 100ஐத் தாண்டினால் தயாராகுங்கள், 150ஐத் தாண்டினால் வெளியேறுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி அமைப்பு படிப்படியாக அறிவிப்பதை நாம் அறிவோம். ஆனால் பீலிக்கு அந்த எண் உதவாது. நாள் முழுக்க மெதுவாகப் பெய்யும் 100 மில்லிமீட்டரை எந்தப் பீலியும் சிரமமில்லாமல் கொண்டுபோய்விடும். பீலியைத் தோற்கடிப்பது பின்னேரத்தில் இடியோடு வரும் அந்தப் பத்து நிமிட மழை.

அதை நீங்களே அளக்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமாக உள்ள ஒரு டின்னை முற்றத்தில் வெட்டவெளியில் வையுங்கள். மழை உச்சத்தில் இருக்கும்போது பத்து நிமிடம் பாருங்கள். அடிமட்டத்தால் உயரத்தை அளந்து ஆறால் பெருக்கினால் மணித்தியால வேகம் வரும். ஒரு நவம்பர் பின்னேரம் நான் வைத்த டின்னில் பத்து நிமிடத்தில் 2 சென்டிமீட்டருக்கு மேல் நின்றது. அதாவது மணிக்கு 120 மில்லிமீட்டருக்கும் மேல். அது பெரிய வெள்ளம் வந்த நாளுமல்ல, சாதாரண இடி மழை. அதனால்தான் நான் கணக்குக்கு மணிக்கு 150 மில்லிமீட்டர் எடுக்கிறேன். இரண்டு கூரைகள் சந்திக்கும் பள்ளத்திலோ, சுவர்களுக்கு நடுவே மறைந்தோ பீலி இருந்தால் 200 எடுங்கள். ஏனென்றால் அது வழிந்தால் தண்ணீர் வீட்டுக்குள்தான் இறங்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பீலிக் கம்பனிகளின் கட்டலொக்கில் "இந்தப் பீலி இத்தனை சதுர மீட்டர் கூரைக்குப் போதும்" என்று ஒரு அட்டவணை இருக்கும். எந்த மழைக்கு என்று பாருங்கள். பிரித்தானியாவில் வழக்கமாக மணிக்கு 75 மில்லிமீட்டரை வைத்துத்தான் பீலிக் கணக்குப் போடுவார்கள். அப்படிப்பட்ட அட்டவணை 80 சதுர மீட்டர் என்று சொன்னால், நமது மழைக்கு அது 40 சதுர மீட்டர். மழை வேகம் எழுதப்படாத அட்டவணையை நம்பவே வேண்டாம்.

இரண்டாவது: கூரை

கூரையின் சரிவை நாடா பிடித்து அளப்பது தேவையில்லாத வேலை. மேலே இருந்து பார்த்தால் கூரை எவ்வளவு இடத்தை மூடுகிறதோ அதுதான் அளவு. ஆனால் காற்றோடு மழை சாய்ந்து வரும் என்பதால், கூரை விளிம்பிலிருந்து முகடு வரை உள்ள உயரத்தில் பாதியை அகலத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

எங்கள் கூரை தாழ்வாரத்தோடு 12 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். முகடு நடுவில். ஆகவே முன்பக்கத்தின் அகலம் 4.5 மீட்டர். உயரம் 1.5 மீட்டர், அதில் பாதி 0.75. மொத்தம் 5.25. அதை 12ஆல் பெருக்கினால் 63 சதுர மீட்டர்.

63 சதுர மீட்டரில் மணிக்கு 150 மில்லிமீட்டர் என்றால் 9,450 லீட்டர். அதை 3,600ஆல் வகுத்தால் செக்கனுக்கு 2.6 லீட்டர். அதாவது எங்கள் முன்பக்கப் பீலிக்குள் நான்கு செக்கனுக்கு ஒரு தடவை ஒரு 10 லீட்டர் வாளியைக் கவிழ்ப்பதற்குச் சமம்.

மூன்றாவது: பைப் எங்கே இறங்குகிறது

இதுதான் இந்தப் பதிவின் உயிர்.

கிட்டத்தட்ட மட்டமாகப் போடப்பட்ட ஒரு 5 அங்குல அரைவட்ட பீலி, ஒரு முனையிலுள்ள வாய்க்கு செக்கனுக்குச் சுமார் 1.4 லீட்டர்தான் கொண்டுபோகும். எங்களுக்கு வேண்டியது 2.6. ஆகவே பைப் நாலு அங்குலமாக இருந்தாலும் ஆறு அங்குலமாக இருந்தாலும் ஒன்றுதான். தண்ணீரைப் பைப்பின் வாய்வரை கொண்டுவர முடியாமல் பீலி திணறுகிறது. ஒரு 3 அங்குல பைப்பே செக்கனுக்கு 5 லீட்டர் அளவு இறக்கக்கூடியது. அகலமான வாசல் வைத்தோம், வாசலுக்கு வரும் ஒழுங்கை ஒடுக்கமாகவே இருந்தது.

வழிவது ஏன் வலது மூலையில் என்பதும் இப்போது விளங்கும். பீலியில் தண்ணீர் மட்டம் பைப்பிலிருந்து மிகத் தூரத்தில் உள்ள முனையில்தான் ஆக உயரமாக நிற்கும். அங்கேதான் முதலில் வழியும். ராத்தாவின் சுவர் நனைந்ததற்கு, மறுபக்க மூலையில் நான் ஒளித்து வைத்த பைப்தான் காரணம்.

"அப்படியானால் 6 அங்குல பீலி போடுவோம்" என்பார்கள். அதன் அளவு சுமார் 2.2 லீட்டர். இன்னும் போதாது. பீலி நீண்டுகொண்டே போனால் இந்த அளவும் குறையும், நடுவில் ஒரு மூலை வளைவு வந்தால் இன்னும் குறையும்.

இப்போது அதே 5 அங்குல பீலியை எடுத்து, பைப்பை மட்டும் இடம் மாற்றிப் பாருங்கள். இரண்டு முனையிலும் ஒவ்வொரு பைப் வைத்தால், ஒவ்வொன்றுக்கும் 6 மீட்டர் பீலியின் தண்ணீர், 1.3 லீட்டர். மயிரிழையில் தப்பும், ஒரு காய்ந்த இலை விழுந்தால் தப்பாது. ஆனால் அதே இரண்டு பைப்பையும் முனையில் வைக்காமல், 3 மீட்டரிலும் 9 மீட்டரிலும் வைத்தால்? ஒவ்வொரு பைப்புக்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் தண்ணீர் வரும். பீலியின் எந்த இடத்திலும் 3 மீட்டருக்கு மேற்பட்ட தண்ணீர் ஓடாது. ஒவ்வொரு கையிலும் சுமார் 0.66 லீட்டர்தான். தாங்கக்கூடியதில் பாதி.

பீலியும் அதே பீலி, பைப்பும் அதே இரண்டு பைப். மாறியது இடம் மட்டும்தான்.

"முன்னால் பைப் தெரியுமே" என்பதற்கு என் பதில் இது. வாய் மட்டும்தான் அந்த இடத்தில் இருக்க வேண்டும். அங்கிருந்து பைப்பைத் தாழ்வாரத்துக்குக் கீழே நல்ல சரிவாகத் திருப்பி தூணோரமாக இறக்கலாம், சுவரின் நிறத்தைப் பூசலாம். உம்மாவும் இப்போது அதைக் கவனிப்பதில்லை. அழகுக்காகப் பைப்பை ஒளிப்பவர்கள், பாசி பிடித்த சுவரையும் உப்பிப் போன பெயின்டையும் எங்கே ஒளிப்பார்கள் என்று யோசிக்கட்டும்.

பைப் 3 அங்குலம் போடுங்கள். கணக்கின்படி எங்களுக்கு 2 அங்குலமே மயிரிழையில் போதும். ஆனால் பலாவிலையும் பாக்குப் பாளையும் கணக்குப் பார்த்து விழுவதில்லை.

நான்காவது: பிரெக்கட்

காசு மிச்சம் பிடிக்கிறோம் என்று நாம் எல்லோரும் கைவைக்கும் இடம் இது. எங்கள் 12 மீட்டருக்கு 12 பிரெக்கட்தான் இருந்தன. பீலியின் பாரத்தைப் பாருங்கள். 5 அங்குல அரைவட்டம் நிறைந்தால் மீட்டருக்கு 6 லீட்டர், அதாவது 6 கிலோ. 12 மீட்டருக்கு 70 கிலோவுக்கு மேல். ஒரு வளர்ந்த மனிதர் பீலியில் தொங்குவதற்குச் சமம். ஊறிய இலைகளின் பாரம் வேறு. வெயிலில் இளகிய பிளாஸ்டிக் இரண்டு பிரெக்கட்டுக்கு நடுவே கொஞ்சம் தொய்யும். தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும், தேங்கிய பாரத்தில் இன்னும் தொய்யும், நுளம்பும் வரும். கடைசியில் பொருத்து பிரியும். பொருத்தில் ஒழுகினால் சிலிக்கன் பூசுகிறோம். நோய் ஒரு பக்கம், மருந்து இன்னொரு பக்கம்.

இரண்டு பிரெக்கட்டுக்கு நடுவே 60 சென்டிமீட்டர், இரண்டு அடி, அதற்கு மேல் போக வேண்டாம். 12 மீட்டருக்கு 21 பிரெக்கட். அதைத் தவிர ஒவ்வொரு பொருத்துக்கும், பைப் வாய்க்கும், முனை மூடிக்கும் ஒரு சாண் தூரத்துக்குள் தாங்கல் இருக்க வேண்டும். அதற்கு இன்னும் நாலைந்து கூடும். நாங்கள் 26 வாங்கினோம். முன்பு போட்டதை விட இரண்டு மடங்குக்கு மேல். அந்த மேலதிகக் காசு, ராத்தாவின் சுவருக்கு நான் பூசிக்கொடுத்த பெயின்டை விடக் குறைவு.

மற்றச் சாமான்களும் எளிமையாகிவிட்டன. 3 மீட்டர் துண்டு நாலு. 3லும் 9லும் பைப் வாய் இரண்டு, அவையே பொருத்தாகவும் வேலை செய்யும். நடுவில், 6 மீட்டரில், ஒரு பொருத்து. முனை மூடி இரண்டு. துண்டுகளை இறுக்கி முட்டவைக்க வேண்டாம். வெயிலில் ஒரு 3 மீட்டர் துண்டு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளும், அதற்கு இடம் விடுங்கள்.

சரிவுக்கு நூல் பிடியுங்கள், கண் மதிப்பு வேண்டாம். இரண்டு முனையும் நடுப் பொருத்தும் மேலே, இரண்டு பைப் வாயும் 1 சென்டிமீட்டர் கீழே. 3 மீட்டருக்கு அது போதும். கூடுதலாகச் சரித்தால் ஒரு முனையில் பீலி கூரைத் தகட்டை விட்டுக் கீழே போய்விடும், தண்ணீர் அதைத் தாண்டிப் பாயும். தகட்டின் விளிம்பு பீலிக்குள் மூன்றிலொரு பங்கு அளவுக்கு வர வேண்டும். குறைந்தால் தண்ணீர் பின்னால் வழிந்து வலன்ஸ் பலகையை உக்கவைக்கும், கூடினால் பீலியைத் தாண்டும். பீலியின் முன் உதடு பின் விளிம்பை விடக் கொஞ்சம் தாழ்வாக இருக்கட்டும். ஒரு நாள் வழிந்தே ஆக வேண்டுமென்றாலும் சுவருக்குள் போகாமல் வெளியே விழும். உக்கிய பலகையில் மட்டும் பிரெக்கட் அடிக்க வேண்டாம், முதலில் பலகையை மாற்றுங்கள்.

கடைசியாக: அந்தத் தண்ணீர் எங்கே போகிறது

இவ்வளவும் செய்துவிட்டு, பைப்பின் வாயை மதிலோரம் திருப்பிவிட்டால் நாம் செய்தது என்ன? என் தண்ணீரை ஒழுங்காகச் சேர்த்து, ஒரே இடத்தில், வேகமாக, அடுத்தவர் காணியில் ஊற்றினோம். நமது ஊரில் வீடுகள் படிக்கட்டு மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கின்றன. என் முற்றம், கீழே உள்ளவருக்குக் கூரை மட்டம். பக்கத்து வீட்டாரின் ஹக்கைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அந்த ஹக்கு பைப்பின் வாயிலும் இருக்கிறது.

எங்கள் கூரை முழுவதும் மூடுவது 108 சதுர மீட்டர். ஒரு நாளில் 150 மில்லிமீட்டர் பெய்தால் 16,200 லீட்டர். பதினாறு ஆயிரம் லீட்டர் டாங்கிகள். பீலி இல்லாத வீட்டில் இது சுற்றிவரப் பரவி விழும். பீலி போட்டவுடன் அது இரண்டு மூன்று இடத்தில் குவிகிறது. அந்த இடம் வெட்டிய மண்மேட்டின் விளிம்பாகவோ, தடுப்புச் சுவரின் பின்புறமாகவோ இருந்தால், ஊறிய மண்ணின் பாரம் முழுக்க அந்தச் சுவரில் சாயும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு கண்டி மாவட்டத்தில் மலைகள் எப்படி இறங்கின என்பதை நாம் பார்த்தோம், ஜனாஸாக்களையும் பார்த்தோம். அவ்வளவு மழைக்கு ஒரு பீலி பதில் சொல்லாது, பீலியால் மலை நின்றிருக்கும் என்று நான் சொல்லவுமில்லை. ஆனால் ஊறிப்போன சரிவில் நம் கையால் இன்னும் பதினாறு டாங்கித் தண்ணீரை ஒரே இடத்தில் ஊற்றக் கூடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

"நான் டாங்கியில் பிடிக்கிறேன்" என்பவர்கள் ஒன்றைக் கணக்குப் பாருங்கள். அந்தப் பலத்த மழையில் எங்கள் முன்பக்கம் மட்டும் ஆயிரம் லீட்டர் டாங்கியை ஆறரை நிமிடத்துக்குள் நிரப்பிவிடும். ஏழாவது நிமிடத்தில் தண்ணீர் எங்கே போகிறது என்பதே கேள்வி. டாங்கி வைப்பது நல்லது, ஆனால் அதன் மேலதிகத் தண்ணீருக்கும் ஒரு பைப் வேண்டும். பைப்பின் அடியிலிருந்து சீமெந்துக் காணோ, மூடிய குழாயோ, வீதிக் காண் வரை போக வேண்டும். உங்கள் காணியில் வழி இல்லையென்றால், கீழ் வீட்டாரோடு பேசி இருவரும் சேர்ந்து ஒரு காண் வெட்டுங்கள். மழை நாளில் மதிலுக்கு இரு பக்கமும் நின்று கத்துவதை விட வெயில் நாளில் ஒரு தேத்தண்ணியோடு பேசுவது லேசு.

பாஸ்மாரைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நாம் கேட்டதைத்தான் அவர்கள் செய்கிறார்கள். நாம் அடிக்கணக்கைச் சொன்னால் அடிக்கணக்கில்தான் பூட்டுவார்கள். அடுத்த முறை பாஸ் ஏணியைச் சாய்ப்பதற்கு முன்னால் மூன்று கேள்விக்குப் பதிலைக் கடதாசியில் எழுதி வாங்குங்கள். கூரையின் இந்தப் பக்கத்தில் செக்கனுக்கு எத்தனை லீட்டர் வரும்? பைப் வாயிலிருந்து பீலியின் மிகத் தூர முனை எத்தனை மீட்டர்? பைப்பிலிருந்து இறங்கும் தண்ணீர் கடைசியாக எந்தக் காணில் சேரும்?

ஏற்கெனவே பீலி இருப்பவர்கள், அடுத்த இடி மழையில் குடையோடு வெளியே வந்து பாருங்கள். பைப்பிலிருந்து தூர முனையில் வழிந்தால், பைப் வாய்கள் போதாது அல்லது தப்பான இடத்தில் இருக்கின்றன. பைப் வாயிலேயே வழிந்தால் வாய் சிறியது அல்லது இலை அடைத்திருக்கிறது. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் வழிந்தால் பீலி தொய்ந்திருக்கிறது, பிரெக்கட் போதாது. பீலிக்குப் பின்னால் சுவர் நனைந்தால் தகட்டு விளிம்பு குறைவு. நான்கு நோய்க்கும் "பெரிய பைப் போடுங்க" என்ற ஒரே மருந்தைச் சொல்பவரிடம் காசைக் கொடுக்க வேண்டாம்.

போன மழைக்கு ராத்தாவின் சுவரை நானே போய்த் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.